‘தொண்ணூறு விழுக்காடு திரும்பும்’ என்பதன் பொருள்
போக்கி இயந்திரம் ஒவ்வொரு சுழற்சியையும் எவ்வாறு தீர்மானிக்கிறது?

நோயாளிகளின் குடும்பத்தினருடன் பேசும்போது எம்மிடம் மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் ஒரு வினா உண்டு. “அந்த இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூறு திருப்பித் தரும் என்று எழுதியிருக்கிறதே, அப்படியாயின் அப்பாவின் சேமிப்பு முழுவதும் எங்கே போயிற்று?” வினா நியாயமானது. திரையில் எழுதப்பட்டுள்ள எண்ணில் பொய் இல்லை. சேமிப்பு கரைந்ததும் உண்மை. இவ்விரண்டும் ஒருசேர எப்படி உண்மையாக இருக்கமுடியும் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் ‘போக்கீஸ்’ என்று வழங்கப்படும் மின்னணுச் சூதாட்ட இயந்திரங்கள், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில் கிளப்புகளிலும் மதுக்கடைகளுடன் கூடிய விடுதிகளிலும் வைக்கப்பட்டுள்ளன. உணவருந்தச் செல்லும் இடத்திலேயே அவை இருப்பதால் எமது சமூகத்தவர் பலருக்கும் அவை அறிமுகமானவை. ஆயினும் அவற்றின் உள்ளே நடப்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

உருளை சுழல்வதற்கு முன்பே முடிவு

பழைய இயந்திரங்களில் உண்மையான உருளைகள் இருந்தன. கைப்பிடியை இழுத்தால் அவை சுழன்று, உராய்வினால் வேகம் குறைந்து, எங்கேனும் நின்றன. நின்ற இடமே முடிவாயிற்று. இன்றைய இயந்திரத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. முதலில் முடிவு; அதன் பின்னரே சுழற்சி. 1984ஆம் ஆண்டில் இங்கே டெல்னஸ் என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை இந்த மாற்றத்தின் முக்கியமான படியாகும். உருளை எங்கு நிற்கவேண்டும் என்பதை ஓர் எண் முன்னதாகவே தீர்மானிக்க, உருளை அவ்விடத்தில் கொண்டுபோய் நிறுத்தப்படும் முறையை அது விவரித்தது.

அந்த எண்ணைத் தருவது எழுமாற்று எண் பிறப்பாக்கி. எழுமாற்று எண் என்பது, அடுத்து எது வரும் என்று முன்கூட்டிக் கூற இயலாத எண். கணினி ஒன்றினால் மனம்போன போக்கில் எண்ணை நினைக்க முடியாது. அது கணக்கு மட்டுமே செய்யும். ஆகவே, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பெறும் கணக்கு ஒன்று அதற்குக் கொடுக்கப்படுகிறது.

சிறியதோர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கையிலுள்ள எண்ணை 5ஆல் பெருக்குக, 3ஐக் கூட்டுக, வருவதை 16ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்க. 7இல் தொடங்கினால் 35, அதனுடன் 3 சேர்ந்து 38. 16ஆல் வகுக்க மீதி 6. அந்த 6ஐ மீண்டும் அதே கணக்கில் இட்டால் 1 கிடைக்கும். தொடர்ந்து 8, 11, 10, 5, 12 என வரும். கணக்கு தெரியாதவருக்கு இவ்வரிசையில் எவ்வித ஒழுங்கும் தென்படாது. இச்சிறு கணக்கு பதினாறு எண்களுக்குப் பின் முதலிலிருந்து தொடங்கிவிடும். இயந்திரங்களில் உள்ளவை இதனிலும் மிகச் சிக்கலானவை. கோடிக்கணக்கான எண்களைக் கடந்த பின்னரும் வரிசை திரும்புவதில்லை.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இருக்கையில் எவரும் இல்லாதபோதும் இப்பிறப்பாக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நொடிக்குள் பற்பல எண்கள் தோன்றி மறைகின்றன. பொத்தானை அழுத்திய கணத்தில் எந்த எண்கள் கிடைத்தனவோ அவையே அச்சுழற்சியின் முடிவு. ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு தாமதித்திருந்தாலும் வேறு எண்கள் கிடைத்திருக்கும். எனவே, “நான் எழுந்து சென்றதும் என் இருக்கையில் அமர்ந்தவர் என் பரிசைப் பெற்றுக்கொண்டார்” என்னும் வருத்தத்திற்கு அடிப்படையில்லை. நீங்கள் தொடர்ந்து அமர்ந்திருந்தாலும் அதே கணத்தில் அழுத்தியிருக்கமாட்டீர்கள்.

கிடைத்த எண் உருளையின் இடமாக மாறுவது எளிய வகுத்தலால் என்று கொள்ளலாம். ஓர் உருளையில் 20 நிறுத்தங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிறப்பாக்கி 48,317 என்ற எண்ணைத் தந்தால், 20ஆல் வகுக்க மீதி 17. முதல் உருளை பதினேழாம் இடத்தில் நிற்கும். அடுத்த எண் 90,264 எனில் மீதி 4. மூன்றாவது 7,731 எனில் மீதி 11. மூன்று உருளைகளின் இடங்களும் தீர்ந்துவிட்டன; பரிசு உண்டா இல்லையா என்பதும் தீர்ந்துவிட்டது. அதன்பின் திரையில் உருளைகள் சுழல்வதும், ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதும், இறுதி உருளை சற்றே தயங்குவதும் ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒன்றைக் காட்டும் படம் மட்டுமே. பொத்தானை மீண்டும் தட்டி உருளையை விரைவாக நிறுத்தினால் படம் சுருங்கும், முடிவு மாறாது.

முந்திய சுழற்சிகளில் வென்றது, தோற்றது எதுவும் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. இரண்டு மணி நேரம் ஒன்றும் தராத இயந்திரம் ‘தரவேண்டிய நிலையில்’ இருப்பதில்லை. சற்றுமுன் பெரும் பரிசைத் தந்த இயந்திரம் ‘வற்றிப் போவதும்’ இல்லை.

இதற்குச் சிறிய விலக்கு ஒன்றையும் கூறுதல் வேண்டும். பல இயந்திரங்களை இணைத்துத் தரப்படும் சில பெரும்பரிசுகள், குறித்த ஒரு தொகையைத் தொடுவதற்குள் விழுந்தே தீரவேண்டும் என்று அமைக்கப்பட்டவை. அத்தொகையை நெருங்க நெருங்க அப்பரிசு விழும் வாய்ப்பு உண்மையில் கூடுகிறது. ஆனால் அது இணைப்பிலுள்ள அத்தனை இயந்திரங்களில் எதற்கு விழும் என்பது எவருக்கும் தெரியாது. அதற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு சுழற்சியும் வழக்கமான இழப்புடனேயே நடக்கிறது.

ஓர் இயந்திரத்தை நாமே அமைத்துப் பார்ப்போம்

திரும்பும் விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, கற்பனையான ஓர் இயந்திரத்தைத் தாளில் அமைப்போம். உண்மையான இயந்திரங்களில் பெரும்பாலும் ஐந்து உருளைகளும் பல வரிகளும் இருக்கும். கணக்கின் வழி ஒன்றே.

நமது இயந்திரத்தில் மூன்று உருளைகள். ஒவ்வொன்றிலும் 20 நிறுத்தங்கள். ஆகவே 20 × 20 × 20 = 8,000 விதங்களில் அவை நிற்கலாம். எல்லா விதங்களுக்கும் சம வாய்ப்பு. ஒரு சுழற்சிக்குப் பந்தயம் ஒரு டாலர்.

முதல் உருளையில் யானைச் சின்னம் 3, தாமரை 4, மணி 10. இரண்டாம் உருளையில் யானை 2, தாமரை 4, மணி 10. மூன்றாம் உருளையில் யானை 1, தாமரை 3, மணி 6. எஞ்சிய நிறுத்தங்கள் வெற்று. மூன்று யானைகள் ஒரே வரியில் நின்றால் 300 டாலர். மூன்று தாமரைகளுக்கு 50 டாலர். மூன்று மணிகளுக்கு 5 டாலர்.

மூன்று யானைகள் வரும் விதங்கள் 3 × 2 × 1 = 6. அவற்றுக்கான பரிசு 6 × 300 = 1,800 டாலர். தாமரைகள் 4 × 4 × 3 = 48 விதங்கள்; பரிசு 2,400 டாலர். மணிகள் 10 × 10 × 6 = 600 விதங்கள்; பரிசு 3,000 டாலர். மொத்தம் 7,200 டாலர். 8,000 விதங்களும் ஒவ்வொரு முறை வந்தால் செலுத்தப்படும் பந்தயம் 8,000 டாலர். திரும்புவது 7,200 டாலர். 7,200ஐ 8,000ஆல் வகுத்தால் 90 விழுக்காடு. இதுவே அந்த எண்.

ஆகவே இவ்விழுக்காட்டைப் பேணுவதற்கு இயந்திரம் எதையும் கணக்கு வைத்துச் சரிசெய்வதில்லை. சின்னங்களின் எண்ணிக்கையிலும் பரிசுப் பட்டியலிலும் அது முன்னரே பொதிந்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் இவ்விழுக்காடு 85க்குக் குறையலாகாது. விக்டோரியாவில் 87க்குக் குறையலாகாது. விதிகள் வகுப்பது இந்தக் கீழ் எல்லையை. ஒரு தனி மனிதர் ஒரு மாலையில் எவ்வளவு திரும்பப் பெறுவார் என்பதற்கு எவ்வித உறுதியும் அதில் இல்லை.

‘மயிரிழையில் தவறியது’ எப்படி வருகிறது

நமது இயந்திரத்தில் யானைச் சின்னம் உருளைக்கு உருளை குறைந்து செல்வதைக் கவனித்திருப்பீர்கள். முதல் இரண்டு உருளைகளிலும் யானை நிற்பது 8,000இல் 120 விதங்களில். அவற்றுள் மூன்றாவதும் யானையாவது 6 விதங்களில் மட்டுமே. அதாவது, முதல் இரண்டு யானைகள் தோன்றும் இருபது முறைகளில் பத்தொன்பது முறை மூன்றாவது தவறும். அந்தப் பத்தொன்பதில் இரண்டு முறை யானை வரிக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ திரையில் தெரிந்துகொண்டும் இருக்கும்.

பார்ப்பவர் மனத்தில் ‘இன்னும் ஒரு படிதானே’ என்ற எண்ணம் எழுவது இயல்பு. அம்பு எய்பவருக்கும் பந்து எறிபவருக்கும் குறி சற்றுத் தவறுவது பயனுள்ள செய்தி. அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். இங்கே திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அடுத்த சுழற்சியில் யானைகள் மூன்றும் வரும் வாய்ப்பு முன்போலவே 8,000இல் 6தான்; ஏறத்தாழ 1,333 சுழற்சிகளுக்கு ஒருமுறை.

சேமிப்பு கரைந்த வழி

இப்பொழுது தொடக்கத்தில் கூறிய வினாவுக்கு வருவோம். 100 டாலர் கொண்டு சென்றால் 90 டாலருடன் திரும்பலாம் என்றே பலரும் விழுக்காட்டைப் பொருள்கொள்கின்றனர். அது பிழை. விழுக்காடு கணக்கிடப்படுவது கொண்டுசென்ற பணத்தின்மீது அன்று. வைக்கப்பட்ட பந்தயங்கள் அனைத்தின்மீதும். வென்ற பணமும் மறுபடி பந்தயமாகும்போது அதன்மீதும் பத்து விழுக்காடு கழிகிறது.

100 டாலர் முழுவதையும் ஒரு சுற்று பந்தயமாக வைத்தால் சராசரியாக 90 எஞ்சும். அந்த 90ஐ மறுபடி வைத்தால் 81. பின்னர் 73, பின்னர் 66. பத்தாம் சுற்றில் ஏறத்தாழ 35 டாலர். இருபத்திரண்டாம் சுற்றில் 10 டாலருக்கும் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் இயந்திரம் சொன்னபடியே தொண்ணூறு விழுக்காட்டைத் திருப்பித் தந்திருக்கிறது. பணம் மட்டும் இல்லை.

நேரத்தை வைத்துக் கணக்கிடுவது இன்னும் தெளிவு. ஆறு நொடிக்கு ஒரு சுழற்சி என்றால் ஒரு மணி நேரத்தில் 600 சுழற்சிகள். பந்தயம் 600 டாலர். சராசரி இழப்பு 60 டாலர். விரைவு இருமடங்கானால் இழப்பு 120 டாலர். பந்தயத்தை இரண்டு டாலராக உயர்த்தினால் அதுவும் இருமடங்காகும். விழுக்காடு மாறாமல் இருக்க, இழப்பை நிர்ணயிப்பவை விரைவும் பந்தயத் தொகையும் அமர்ந்திருக்கும் நேரமுமே.

சராசரி என்ற சொல்லுக்குள்ளும் ஒரு மறைவு உண்டு. நமது இயந்திரம் திருப்பித்தரும் 90 விழுக்காட்டில் 22.5 விழுக்காடு யானைப் பரிசுக்கு உரியது. ஆனால் 600 சுழற்சிகள் ஆடும் நூறு பேரில் ஏறத்தாழ 64 பேர் அப்பரிசை ஒருமுறைகூடக் காண்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை இயந்திரம் திருப்பித் தருவது 67.5 விழுக்காடே. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் இழப்பது சராசரியாக 60 டாலர் அன்று; 195 டாலர். எஞ்சிய 36 பேரில் பெரும்பாலோர் அன்று வென்றவர்களாக வீடு திரும்புவர். வென்ற கதை உறவினர் வீடுகளில் பேசப்படும். அறுபத்து நான்கு பேரின் கதையை எவரும் கூறுவதில்லை.

நீண்ட காலம் செல்லச் செல்ல இந்த ஏற்றத்தாழ்வு அடங்கிவிடுகிறது. வாரத்திற்கு இரண்டு மணி நேரம் என ஓராண்டு ஆடினால் ஏறத்தாழ நூறு மணி நேரம்; 60,000 சுழற்சிகள். சராசரி இழப்பு 6,000 டாலர். அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால், இவ்வாறு ஆடுவோரில் மிகப் பெரும்பாலோரின் இழப்பு 1,500 டாலருக்கும் 10,500 டாலருக்கும் இடையில் அமையும். ஒரு மாலையில் வெல்வது சாதாரணம். ஓராண்டின் முடிவில் வென்றிருப்பது மிக மிக அரிது. ‘விட்டதைப் பிடிக்க’ இன்னும் சிறிது நேரம் ஆடுவது, கணக்கின்படி, இழப்பை உறுதிப்படுத்தும் செயலாகும்.

இழப்பை உணரவிடாத மற்றோர் அமைப்பும் உண்டு. பல வரிகளில் ஒரே சமயத்தில் பந்தயம் வைக்கும் இயந்திரங்களில், ஒரு டாலர் செலுத்திய சுழற்சி ஒரு வரியில் 20 சதம் தரலாம். விளக்குகள் மின்னும், இசை ஒலிக்கும், திரையில் வெற்றி என்று தோன்றும். உண்மையில் 80 சதம் போயிருக்கிறது. இதனைக் கண்டறிய எளிய வழி, வெற்றித் தொகையைப் பாராமல் மீதித் தொகையை மட்டும் பார்ப்பதே. சுழற்சிக்கு முன் இருந்ததைவிட அது குறைந்திருந்தால் அது இழப்பு.

மருத்துவமனை இதனைக் கூறக் காரணம்

சில மருந்துகள் சூதாட்ட உந்துதலைத் தூண்டக்கூடியவை என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருத்தல் அவசியம். பார்கின்சன் நோய்க்கும், இரவில் கால்களை அசைக்கத் தூண்டும் அமைதியற்ற கால் நோய்க்கும் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியன இவற்றுள் அடங்கும். மனநலச் சிகிச்சையில் பயன்படும் அரிபிப்ரசோலும் அத்தகையதே. இவை மூளையில் டோபமின் எனும் வேதிப்பொருள் செயற்படும் வழிகளில் வேலை செய்கின்றன. இவற்றை உட்கொள்ளும் அனைவருக்கும் இவ்விளைவு ஏற்படுவதில்லை. ஆயினும், வாழ்நாள் முழுவதும் சூதாட்டத்தில் நாட்டமற்றிருந்த ஒருவர், மருந்து தொடங்கிய பின்னரோ அதன் அளவு கூட்டப்பட்ட பின்னரோ போக்கி இயந்திரங்களை நாடத் தொடங்கினால், அதனை ஒழுக்கக் கேடு என்று கருதிக் கண்டிக்கும் முன் மருத்துவரிடம் கூறுங்கள். அளவைக் குறைப்பதாலோ மருந்தை மாற்றுவதாலோ உந்துதல் தணிவதுண்டு. மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. திடீரென நிறுத்துவது வேறு தீங்குகளை விளைவிக்கும்.

நோயாளிக்கு இம்மாற்றம் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் வெட்கத்தால் மறைக்கலாம். ஆதலால் குடும்பத்தினரின் கண்ணே பெரும்பாலும் முதலில் காண்கிறது. வங்கிக் கணக்கில் ஒரே நாளில் பலமுறை சிறு சிறு தொகைகள் எடுக்கப்பட்டிருத்தல், எடுத்த இடம் கிளப்பாகவோ விடுதியாகவோ இருத்தல், வெளியே சென்று திரும்பும் நேரத்திற்குக் காரணம் கூறத் தயங்குதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். அடுத்த மருத்துவச் சந்திப்புவரை காத்திராமல் மருத்துவரையோ மருந்தாளரையோ தொலைபேசியில் அழைத்துத் தெரிவிக்கலாம்.

சூதாட்டம் குறித்த உதவிக்கு 1800 858 858 என்ற இலக்கம் நாள் முழுவதும் இலவசமாக இயங்குகிறது. ஆடுபவர் மட்டுமன்றி அவரது குடும்பத்தினரும் அழைக்கலாம். தமிழில் பேச விரும்பினால், 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையின் வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளருடன் இணையலாம். குறித்த கிளப்புகளிலும் விடுதிகளிலும் தம்மை இயந்திரப் பகுதிக்குள் அனுமதிக்கலாகாது என்று தாமே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. அதனை எவ்வாறு செய்வது என்பதை அந்த உதவி இலக்கத்தில் கேட்டறியலாம்.

“அப்பாவின் சேமிப்பு எங்கே போயிற்று?” என்று கேட்டவர்களுக்கு எமது விடை இதுவே: ஒவ்வொரு டாலரிலிருந்தும் சராசரியாகப் பத்துச் சதம் கழிந்தது, எஞ்சிய தொண்ணூறு சதமும் மீண்டும் பந்தயமாயிற்று, அதிலிருந்தும் கழிந்தது. இயந்திரம் பழுதுபடவில்லை, அப்பாவின் கைராசியும் கெட்டுவிடவில்லை. பந்தயம் வைக்க எதுவும் எஞ்சாத வரை அதே கணக்குத் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.